மிகையூட்டம்: ‘நீர் வளமுறுதல்’ ஏன் தவறு?

நீரில் சத்து அளவு மீறிச் சேர்ந்து பாசி பெருகி ஆக்சிஜன் தீர்ந்துபோவதை ஆங்கிலத்தில் யூட்ரோஃபிகேஷன் என்பார்கள். இதற்கு ‘நீர் வளமுறுதல்’ என்று எழுதுவது கூடிக்கொண்டே போகிறது. இது தவறான மொழிபெயர்ப்பு. கிரேக்க வேர்ச்சொல்லுக்கு ‘நல்ல ஊட்டம் பெற்ற’ என்று பொருள். சத்து மிகுந்த ஏரி, சத்து குறைந்த ஏரி என்று வகை பிரிக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் ஏரியியலுக்கு வந்தது. வேர் இவ்வளவுதான்.

வேரில் ‘நல்ல’ இருக்கிறதே, அப்புறம் வளம் என்றால் என்ன தப்பு என்று கேட்பார்கள். இன்று அந்தச் சொல் குறிப்பது கேட்டை. தமிழில் வளம் என்பது பாராட்டு. நிலவளம், மீன்வளம் என்று சொல்லிப் பழகியவர் ‘ஏரி வளமுறுகிறது’ என்று படித்தால் மீன் பெருகுகிறது என்றுதான் நினைப்பார். அங்கே நடப்பதோ மீன் சாவது. ‘ஏரி தூர்தல்’ என்பாரும் உண்டு. தூர்வது மண் சேர்ந்து ஆழம் குறைவது, அது வேறு சங்கதி.

உரமும் கழிவுநீரும் கொண்டுவருவது முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரஸும். நன்னீரில் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோவில் 226ஆம் எண் ஏரியை 1973இல் நடுவே திரை கட்டிப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பாசி படர்ந்து பச்சையானது.

கணக்கைப் பாருங்கள். 1 கிராம் பாஸ்பரஸால் வளரும் பாசி முழுவதும் மட்க, சுமார் 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்பது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். அதாவது, காற்றிலிருந்து புதிதாக எதுவும் கரையாவிட்டால், அந்த 1 கிராம் பாஸ்பரஸ் ஏறக்குறைய 19,000 லிட்டர் நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

பாசி பகலில் ஆக்சிஜன் தருமே என்பது சரிதான். ஆனால் இரவில் அதுவும் சுவாசிக்கிறது. மேலே படர்ந்த பாசி வெளிச்சத்தை மறைப்பதால் அடியிலுள்ள செடிகளும் அழுகுகின்றன. விடியுமுன் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து திணறுவது அப்போதுதான். நண்பகலில் மட்டும் அளந்துவிட்டு ‘ஆக்சிஜன் போதுமானது’ என்று எழுதும் அறிக்கை ஏமாற்றிவிடும்.

இதை ‘மிகையூட்டம்’ என்பதே சரி. ஊட்டம் என்ற காரணமும் அது அளவு மீறியது என்ற கேடும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. அகராதியில் வேரை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லாக்குகிறவர்கள் அந்தச் சொல் இன்று எதைச் சுட்டுகிறது என்று பார்ப்பதே இல்லை. பாசியை அள்ளிவிட்டு ‘ஏரி தூய்மையானது’ என்று எழுதுவதும் இதே அரைகுறைதான். அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் பாஸ்பரஸ், ஆக்சிஜன் இல்லாதபோது பிரிந்து மறுபடி நீரில் கலக்கிறது. கழிவுநீரை நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் பாசி வருவது அதனால்தான்.