துணியைத் தூக்கிப் பார்க்காதே

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஒரு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள். ஒருவன் கையில் குங்குமத் தண்ணீரை ஊற்றி, "கண்ணாடி டம்ளர் கிழிச்சிடுச்சு" என்று உட்காரவைத்தேன். ஒரு பெண் அவன் கையில் துணியை அழுத்தினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"நின்னுச்சான்னு பாத்தேன் அக்கா."

எல்லோரும் செய்வது அதுதான். ரத்தக்குழாய் அறுந்ததும் ரத்தத்தட்டுகள் என்னும் நுண்ணிய துணுக்குகள் வெட்டு வாயில் ஒட்டி அடைக்கத் தொடங்கும். பிறகு ஃபைப்ரின் என்ற புரத இழைகள் அதன்மேல் வலை பின்னும். ரத்தம் வேகமாக ஓடினால் இவை நிலைகொள்வதற்குள் அடித்துப் போய்விடும். நாம் அழுத்துவது அந்த ஓட்டத்தைக் குறைக்கத்தான். பாதி பின்னிய வலை துணியோடும் ஒட்டியிருக்கும், தூக்கினால் பிய்ந்துவிடும். ஆகவே 10 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து, கையெடுக்காமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். கண்ணாடித் துண்டு குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக இருக்கக்கூடும், இருபுறமும் அழுத்துங்கள்.

ரத்தம் பீறிட்டு அடித்தாலோ, துணிமேல் துணி நனைந்துகொண்டே போனாலோ, முகம் வெளுத்துச் சில்லென்று வியர்த்தாலோ 10 நிமிடம் காத்திருக்க வேண்டாம். அடிபட்டவரைப் படுக்கவைத்து, அழுத்தியபடியே ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும்.

அதனால் பயிற்சியில் நான்கு வேடம்: அடிபட்டவர், அழுத்துபவர், போன் செய்பவர், சந்து முனையில் நிற்பவர். நான்காவதை நான்தான் சேர்த்தேன், எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. போன் செய்பவர் 108 அல்லது 112ஐ அழைப்பதுபோல் (போனை அணைத்துவிட்டுத்தான்) முதலில் இடத்தைச் சொல்லிப் பழக வேண்டும்: ரோடு, பக்கத்துக் கோயில் அல்லது கடை, அதன்பிறகு என்ன நடந்தது. லைன் அறுந்தாலும் இடமாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்தம் நிற்கவில்லை என்பதை இந்தியில் சொல்ல "கூன் பந்த் நஹி ஹோ ரஹா ஹை" என்பதையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எதிர்முனை சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது.

அடுத்த சுற்றில் டீ கொட்டிச் சுட்டுக்கொண்ட கை. பற்பசை தடவலாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். சூடு தோலுக்குள் தங்கி உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கும். பற்பசை அதைப் போக்காது, டாக்டருக்குப் புண்ணையும் மறைக்கும். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றிவிட்டு, சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ஐஸ் கூடாது. எங்கள் பகுதியில் குழாய்த்தண்ணீர் எந்நேரமும் வராது. அதனால் பக்கெட்டும் மக்குமாக ஊற்றிப் பார்த்தோம். ஏழாவது நிமிடத்தில் ஒருவன் கை வலிக்கிறது என்றான், மக்கு அடுத்தவன் கைக்குப் போனது.