சீஸ் இழையும் ஆவியும் போஸ்டரில் தெரிய, படக்குறிப்பை எப்படி எழுதுவது?

பீட்சா கடைச் சலுகை போஸ்டருக்கு, படம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் படக்குறிப்பு கேட்டால், பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "சீஸ் நன்றாக இழுபடணும், ஆவி பறக்கணும், பழைய மரப்பலகை வேணும்." ஆசை சரிதான். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கம், இழை எங்கே போகிறது, எழுத்துக்கு இடம் எது என்று அதில் ஒன்றுமே இல்லை.

அப்படி எழுதிய ஒரு குறிப்பை வைத்து எடுத்த படத்தில் பின்னணி வெளிர் நிறமாக வந்தது. ஆவியும் இழையும் அதில் கரைந்தே போயின. தூக்கிய பீட்சா துண்டு வலது மேல் மூலைக்கு உயர்ந்திருந்ததால், சலுகையைச் சொல்லும் வாசகம் இழைகளின் மேலேயே ஏறியது. குறிப்பை இப்படி மாற்றினோம்:

"மெருகில்லாத, அடர் பழுப்பு மரப்பலகை, மரத்தின் ரேகைகள் கிடைமட்டமாகத் தெரிகின்றன. அதன் மேல் பீட்சா. ஒரு துண்டு இடப்பக்கமாகச் சற்றே தூக்கப்பட்டிருக்கிறது. துண்டிலிருந்து பீட்சா வரை நான்கைந்து சீஸ் இழைகள், அறுபடாமல், நடுவில் மெலிந்து தொய்கின்றன. பின்னணி ஏறக்குறைய கருப்பு. வெளிச்சம் பின்னாலிருந்து, கொஞ்சம் பக்கவாட்டில். மெல்லிய ஆவி எழுகிறது, துண்டை மறைக்கவில்லை. வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு காலி."

இதில் முக்கியமான வரி வெளிச்சம்தான். நாம் ஆவி என்று பார்ப்பது காற்றில் குளிர்ந்த நுண்ணிய நீர்த்துளிகள். பின்னாலிருந்து ஒளி பட்டு, பின்புலம் இருட்டாக இருந்தால்தான் அவை பளிச்சென்று தெரியும். முன்னாலிருந்து விளக்கடித்தால் மங்கிப்போகும். மெல்லிய சீஸ் இழைக்கும் இதே கதைதான். பலகை மெருகேறியிருந்தால் விளக்கு அதில் மின்னி, கண்ணை அங்கே இழுத்துவிடும்.

"இழுபடும் சீஸ்" என்று எழுதினால் மட்டும் சீஸ் இழுபடாது. ஈரப்பதம் குறைந்த மொசரெல்லா நீளமாக வரும். நீர் நிறைந்த புதிய மொசரெல்லா சீக்கிரம் அறுந்துவிடும். துருவி விற்கும் பாக்கெட் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொடி தூவியிருப்பார்கள், அது ஒன்றாக உருகுவதைக் கெடுக்கும். ஆறினால் சீஸ் இறுகும். அதிகம் வெந்தால் எண்ணெய் பிரிந்து முரடாகும். அதனால் கேமரா, விளக்கு, பலகை எல்லாம் தயாரான பிறகே பீட்சாவை அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும். துண்டு தனியே வர, வேகுமுன் அடிமாவில் வெட்டுக்கோடு போட்டுவிட்டு, அதன் மேல் சீஸை மூடிப் போடுவது நல்ல வழி.

இன்னொன்றையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்: "சலுகையில் தரும் அதே அளவு, அதே சீஸ்." படத்துக்காக மட்டும் சீஸை இரட்டிப்பாக்கினால், வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் கேட்கத்தான் செய்வார். சலுகைக்குள் சின்ன அளவு பீட்சா மட்டும்தான் என்றால், படத்திலும் சின்ன அளவையே வையுங்கள்.