குதிகால் படிக்குக் கீழே இறங்குகிறதா?

கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி குமுளி, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்கு வருகிற பெண்களிடம் ஆடுசதை வலி சாதாரணமாகக் காணப்படுவது. நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் காலுக்குக் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி தனியாக எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். எத்தனை வருடம் ஏறினாலும் கால் சுமப்பது ஏறக்குறைய அதே எடையைத்தான். அந்த எடைக்குப் பழகிய பிறகு தசை மேலும் வலுவாக அதற்குக் காரணம் இல்லை.

பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்த ஒருவரை உதாரணமாகச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், காய் எடுக்கும் வேலை. மாலையில் மேட்டில் ஏறும்போது இடது ஆடுசதையின் அடிப்பகுதி இறுகி வலிக்கும். பேரன் கைப்பேசியில் காட்டிய பயிற்சியைத் தினமும் ஐம்பது முறை செய்துவந்தார், பலன் இல்லை. செய்துகாட்டச் சொன்னேன். சமதரையில் இரண்டு காலிலும் நின்று, குதிகாலைச் சற்றே தூக்கி, துள்ளித் துள்ளி அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

பிறகு ஒற்றைக் காலில், சுவரை விரலால் தொட்டுக்கொண்டு செய்யச் சொன்னேன். முழங்கால் நேராக இருந்தபோது இரண்டு காலும் ஏறக்குறையச் சமம். முழங்காலைச் சிறிது மடக்கிக்கொண்டு எழச் சொன்னபோது இடது கால் ஆறாவது முறையிலேயே தோற்றது. தோற்றதை எப்படிக் கண்டுகொள்வது? முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும், அல்லது எடை சுண்டுவிரல் பக்கம் சாயும்.

ஆடுசதையில் இரண்டு முக்கியத் தசைகள் இருக்கின்றன. வெளியே உருண்டு தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாகக் கிடப்பது சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து குதிகால் தசைநாணாகி எலும்பில் பிடிக்கின்றன. முழங்காலை மடக்கினால் வெளித்தசை தொய்ந்துபோகும், வேலையின் பெரும்பங்கு சோலியஸுக்கு வரும். மேட்டில் ஏறும்போது முழங்கால் மடங்கியும் குதிகால் தாழ்ந்தும் இருக்கும். அவர் வீட்டில் செய்த பயிற்சியோ நேரான முழங்காலில், மேல்பாதியில் மட்டும். வேலை கேட்பது ஒன்று, பயிற்சி தந்தது வேறு.

ஆகவே படிக்கட்டில் தொடங்கினோம். முன்பாதம் படியின் விளிம்பில், கை சுவரில். மூன்று எண்ணிக்கையில் குதிகால் படிக்குக் கீழே இறங்க வேண்டும், ஆடுசதை இழுபடும் இடத்தில் ஒரு நொடி நிற்க வேண்டும், பிறகு இரண்டு எண்ணிக்கையில் நுனிக்கால்வரை எழ வேண்டும். கீழே அந்த ஒரு நொடி நிற்பதுதான் துள்ளலைக் கொல்கிறது. பத்துப் பத்தாக மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். அது எளிதானதும் இரண்டு காலால் எழுந்து ஒரு காலால் இறங்குவது.

மடக்கிய முழங்காலுக்கு நாற்காலி. முன்பாதத்தின் கீழ் தடித்த பலகை, தொடையில் முழங்காலை ஒட்டிப் பத்துக் கிலோ அரிசிப் பை. எடையில்லாமல் உட்கார்ந்து குதிகாலை ஆட்டுவது நேர விரயம். உடலையே தாங்கிப் பழகிய தசைக்கு வெறும் காலின் எடை ஒரு பொருட்டே அல்ல. பதினைந்து முறை சிரமமின்றிப் போனால் எடையைக் கூட்ட வேண்டும். சில வாரங்களில் நின்றபடி முழங்காலை மடக்கியே செய்யத் தொடங்கினார். மூன்றாம் மாதத்தில் இடது காலும் வலதை நெருங்கியது. ஏறும்போது இருந்த இறுக்கம் போயிற்று. மூட்டையோடு இறங்கும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் தெரிகிறது என்கிறார்.

சதை பெருக்க வேண்டும் என்று வரும் இளைஞர்களுக்கு வேறு பதில். 2023இல் வெளியான ஒரு ஆய்வில், பன்னிரண்டு வாரம் நின்று பயிற்சி செய்த காலில் வெளித்தசை உட்கார்ந்து செய்த காலைவிட நன்றாகவே வளர்ந்தது. சோலியஸின் வளர்ச்சி இரண்டிலும் சிறிதே, ஏறக்குறைய ஒன்றுபோல. அதனால் அவர்கள் நேரான முழங்காலுக்கே முதலிடம் தரலாம். அவசரத்தில் எதையாவது குறைக்க வேண்டியிருந்தால் மேல்பாதியைக் குறையுங்கள், கீழ்ப்பாதியைக் குறைக்காதீர்கள்.

கீழே இறங்கக் கூடாதவர்களும் உண்டு. தசைநாண் குதிகால் எலும்பில் பிடிக்கும் இடத்திலேயே வலி என்றால், ஆழமாக இறங்கும்போது அந்த இடம் எலும்போடு அழுந்தி வலி கூடும். அவர்கள் முதலில் சமதரையிலேயே, மெதுவாகச் செய்யட்டும். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். பயிற்சியும் வேண்டாம், எண்ணெய் தேய்ப்பும் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பீடி பிடிப்பவர்களுக்கோ சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கோ குறிப்பிட்ட தூரம் நடந்ததும் ஆடுசதை வலித்து, நின்றால் சில நிமிடத்தில் அடங்குகிறது என்றால், இரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே படியில் ஏற்றுவேன்.