காலிப் பைகளை எண்ணினால் சிமெண்ட் கணக்கு வராது

காரைக்குடியைச் சுற்றி வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஊரில் இருப்பதில்லை. பணம் சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும். வீடு மட்டும் இங்கே எழும்பும். நடுவில் ஒரு மேஸ்திரி, ஒரு ஸ்டோர் கீப்பர், நாலு கேமரா. எங்கோ கணக்கு உதைக்கிறது என்று தோன்றும்போதுதான் என்னைப் போன்றவனுக்கு அழைப்பு வரும். அதுவும் பெரும்பாலும் தளம் போட்டு முடித்த பிறகு.

போன மாதம் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மகன் வெளிநாட்டில். அம்மாதான் வேலையிடத்துக்குப் பக்கத்துப் பழைய வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே ஆச்சி சொல்லிவிட்டார்: "தம்பி, திருட்டெல்லாம் இங்க நடக்காது. காலிப் பையை நானே எண்ணி, பத்துப் பத்தாக் கட்டி வச்சிருக்கேன். புஸ்தகத்துல 186, பையும் 186."

இந்த ஆண்டில் இதே வார்த்தையை நான் கேட்பது மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்காரர் பில் எதைச் சொல்கிறது? எத்தனை மூட்டை வந்தது என்பதை. ஸ்டோர் புத்தகம் எதைச் சொல்கிறது? எத்தனை மூட்டை கொட்டகையை விட்டு வெளியே போனது என்பதை. காலிப் பை எதைச் சொல்கிறது? எங்கோ, எவரோ, எத்தனையோ பைகளைப் பிரித்தார்கள் என்பதை மட்டும். அது உங்கள் தளத்துக்காகப் பிரித்த பை என்று பையில் எழுதியிருக்காது. பழைய சாமான் கடையில் காலி சிமெண்ட் பை கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. முழு மூட்டையை விற்கிறவனுக்குக் காலிப் பை வாங்கி வைப்பது ஒரு செலவா? பில், புத்தகம், பை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்றால், மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறார் என்று பொருள். வேறு எதற்கும் அது சாட்சி இல்லை.

சிமெண்ட் எவ்வளவு போயிருக்க வேண்டும் என்பதைக் கட்டிய கட்டடம்தான் சொல்லும். டேப்பை எடுத்து அளக்க வேண்டும்.

அளந்தேன். முதல் மாடித் தளம் 1200 சதுர அடி, வரைபடத்தில் 5 அங்குலக் கனம். அது 500 கன அடி. கீழே தொங்கும் பீம்கள் 120 கன அடி. மொத்தம் 620 கன அடி, அதாவது ஏறக்குறைய 17.5 கன மீட்டர். கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இந்த விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை போதும். ஆக 140 மூட்டை. சிந்தல், சேதாரம் என்று நூற்றுக்கு மூன்று வைத்தால் இன்னும் 4. மறுநாள் தளத்தின் மேல் தண்ணீர் நிறுத்தப் பாத்தி கட்ட, தாராளமாக 2. மொத்தம் 146.

புத்தகத்தில் காங்கிரீட்டுக்கு 168, பாத்திக்கு 18. ஆம், பாத்திக்குப் பதினெட்டு மூட்டை. அவ்வளவு சிமெண்டில் பாத்தி கட்டினால் அதில் மீன் வளர்க்கலாம்.

வித்தியாசம் 40 மூட்டை. இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. சென்ட்ரிங் பலகை கொஞ்சம் தொய்ந்தால் தளம் தடித்துவிடும், சிமெண்ட் நியாயமாகவே கூடுதலாகப் போகும். மாடிப்படித் திறப்பிலும், குழாய்க்கு விட்ட ஓட்டைகளிலும், வெளி விளிம்பிலும் கனத்தை அளந்து பார்த்தேன். சராசரி ஐந்தேகால் அங்குலம். கால் அங்குலம்தானே என்று தோன்றும். 1200 சதுர அடிக்கு அது 25 கன அடி காங்கிரீட், 6 மூட்டை. அதை மேஸ்திரி பக்கம் வரவு வைத்துவிட்டேன். அப்படியும் 34 மூட்டைக்குப் பதில் இல்லை.

"கேமராவுல ஒண்ணும் தெரியலையே தம்பி" என்றார் ஆச்சி. தெரிந்தது. பட்டப்பகலில், தோளில் சுமந்து, புத்தகத்தில் எழுதிவிட்டு மூட்டைகள் வெளியே போவது நன்றாகவே தெரிந்தது. ராத்திரி சுவர் ஏறிக் குதிக்கிற திருட்டு இப்போது அபூர்வம். தேவைக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டால் மிச்சம் தானாகவே கணக்கிலிருந்து விடுதலை ஆகிவிடுகிறது. அப்புறம் அது சென்ட்ரிங் தகடு ஏற்றிப் போகும் வண்டியில் போனாலும் யார் கேட்கப்போகிறார்கள்?

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் கீப்பருக்கும் மேஸ்திரிக்கும் இந்த எட்டு மூட்டைக் கணக்கு தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அழகாக 140 என்று எழுதுவார்கள். கலவையில் ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி போடுவதற்குப் பதில், இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி ஜல்லி போடுவார்கள். அப்போது கன மீட்டருக்கு 6.4 மூட்டைதான் இறங்கும். 17.5 கன மீட்டருக்கு 112 மூட்டை. 28 மூட்டை மிச்சம், உங்கள் கணக்கோ ஒரு மூட்டை பிசகாமல் நேராக நிற்கும். அளந்து சரிபார்க்கும் என் வித்தை இங்கே பலிக்காது. முதல் வகைத் திருட்டில் போவது காசு மட்டும். இதில் தளத்தின் பலமும் சேர்ந்து போகிறது.

இதைப் பிடிக்க ஒரே வழி, காங்கிரீட் போடும் அன்று மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவது. ஒரு மூட்டை மிஷின் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மூட்டை. ஒரு சுற்றுக்கு ஒரு கோடு. 140 கோடு வர வேண்டிய தளம் 112 கோட்டில் முடிந்தால், கலவையில் ஜல்லியும் மணலும் கூடிவிட்டன என்று அர்த்தம். கோடு போடுகிறவர் ஸ்டோர் கீப்பராகவோ மேஸ்திரியின் மச்சானாகவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மணலையும் ஜல்லியையும் சட்டிக் கணக்கில் போட விடாதீர்கள். சட்டியைக் குவிப்பதும் குறைப்பதும் அள்ளுகிறவர் கையில் இருக்கிறது. 35 லிட்டர் அளவுப் பெட்டி வைத்து, மேலே பலகையால் வழித்துவிடச் சொல்லுங்கள். கூடவே பலம் சோதிக்க அதே கலவையில் கியூப் என்கிற காங்கிரீட் கட்டி வார்த்து எடுத்து வையுங்கள். 28 நாள் கழித்து அது நொறுங்கும் எடை பொய் சொல்லாது. கியூபுக்கான கலவையை நடு வேலையில், நீங்கள் கைகாட்டுகிற சுற்றிலிருந்து எடுக்க வேண்டும். மேஸ்திரி ஆசையாகத் தனியே கலந்து கொடுப்பதை எடுத்தால் வீண்.

கம்பிக்கு வருகிறேன். இங்கே பிரச்சினை வேறு. கம்பியை எடைக்கு வாங்குகிறோம், எண்ணிக்கையில் செலவு செய்கிறோம். அந்த இடைவெளியில்தான் விளையாட்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.617 கிலோ, 12 மீட்டர் முழுக் கம்பி 7.4 கிலோ. ஆனால் ஆலையிலிருந்து வரும் கம்பி இதே எடையில் இருக்க வேண்டும் என்றில்லை. 10 மி.மீ. வரைக்கும் 7 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கத் தரக்கட்டுப்பாடே இடம் கொடுக்கிறது.

வந்த கம்பி 4 சதவீதம் இலேசு என்று வையுங்கள். இரண்டு டன்னுக்கு அட்டவணைப்படி 270 கம்பி. வண்டியில் உண்மையில் வந்திருப்பது 281. புத்தகத்தில் எடையை 7.4 ஆல் வகுத்து 270 என்று எழுதிவிட்டால், 11 முழுக் கம்பிகள் பிறக்கவே இல்லாதவை ஆகிவிடுகின்றன. அவை காணாமல் போனாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். இது தலைகீழாகவும் நடக்கும். கம்பி கனமாக வந்தால் எண்ணிக்கை குறையும், ஒரு பாவமும் அறியாத ஸ்டோர் கீப்பர் மேல் பழி விழும். அப்படி ஒரு பையனை வேலையை விட்டு நிறுத்திய பிறகு, கம்பியை எடை போட்டுப் பார்த்து நாங்கள் தலை குனிந்த கதையும் உண்டு. ஆகவே லாரி வந்ததும் எடை மேடைச் சீட்டோடு நிற்காமல் கம்பிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு அளவிலும் நாலைந்து முழுக் கம்பியைத் தராசில் போட்டு, கிடைக்கும் எடையைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்த லாரிக் கம்பிக்கு அதுதான் எடை, அட்டவணை அல்ல. துண்டுக் கம்பியையும் எடை போட்டுத்தான் பழைய இரும்புக்குக் கொடுக்க வேண்டும். கழிவு மூன்று சதவீதத்தைத் தாண்டினால், துண்டுகளின் நீளத்தைப் பாருங்கள். நாலு அடித் துண்டுகளாகவே குவிந்திருந்தால் வெட்டியவரிடம் பேச வேண்டிய நேரம்.

மணல் பெரும்பாலும் உங்கள் வேலையிடத்தில் திருடு போவதில்லை. வரும்போதே குறைந்துதான் வருகிறது. மூன்று யூனிட் என்றால் 300 கன அடி. லாரியின் உள் நீள அகலத்தை அளந்து, மெல்லிய கம்பியை ஆறு இடத்தில் குத்தி உயரத்தின் சராசரி எடுத்தால் பல வண்டிகள் தேறாது. அதிலும் ஈர மணல் உப்பிக்கொண்டு நிற்கும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் 20 செ.மீ. உயரத்துக்கு மணலைத் தளரப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் படியவிடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் நீங்கள் 125 கன அடி என்று வாங்கியதில் மணல் 100 தான். இறக்கும் இடத்தில் கீழே பழைய தார்ப்பாயாவது போடுங்கள். நம் செம்மண்ணில் நேராகக் கொட்டினால் அடி மணல் மண்ணோடு மண்தான்.

கொட்டகையில் மூட்டைகளை அகலமாக அடுக்க விடாதீர்கள். நாலு வரிசையாக அடுக்கி நடுவில் குழி விட்டிருப்பதை இரண்டு இடங்களில் கையை விட்டுத் தடவிக் கண்டுபிடித்திருக்கிறேன். வெளியே நின்று எண்ணினால் 200, பிரித்தால் 180. இரண்டு வரிசை, பத்து உயரம், எல்லா மூட்டையும் கண்ணில் பட வேண்டும். வெளியே கொடுக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் எந்த வேலை, எத்தனை அடி என்று சீட்டில் எழுத வேண்டும். "மேஸ்திரி வேலைக்கு" என்று எழுதிய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். ஐந்தொகை எடுத்துப் பழகிய ஊர் இது. கடைக்கு எடுத்த ஐந்தொகையைச் சொந்த வீட்டுச் சிமெண்டுக்கு வாரம் ஒருமுறை எடுக்க ஏன் கூச்சம்?

ஆச்சிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. இரண்டாம் மாடித் தளம் போட்ட அன்று மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்து, கையில் ஒரு சாக்பீஸ் கொடுத்தேன். தூணில் ஐந்தைந்தாகக் கோடு போட்டார். மதியம் சாப்பிடப் போனபோது வேலைக்காரப் பெண்ணை உட்கார வைத்துவிட்டுப் போனார். அதே அளவுத் தளம், 143 கோடு. புத்தகத்தில் 144. அந்த ஒரு மூட்டை எங்கே என்று ஆச்சி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.