பின்னணி அழிவதற்கு முன் முழுப்படமும் போகிறது

போன மாதம் அக்கா மகனுக்கு ஒரு வேலை விண்ணப்பத்துக்காக வெள்ளைப் பின்னணியில் படம் தேவைப்பட்டது. ஸ்டுடியோவுக்குப் போகச் சோம்பல். வீட்டுக் கூடத்திலேயே நின்று தம்பியை விட்டுச் செல்பேசியில் எடுக்கச் சொன்னான். படத்தில் அவனுக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர், அதில் பக்கத்துத் தெருக் கடையின் பெயரும் முகவரியும். அதை ஒட்டி, சட்டம் போட்ட பட்டமளிப்புச் சான்றிதழ். ஓரத்தில் தரையில் உட்கார்ந்து விளையாடும் பக்கத்து வீட்டுக் குழந்தை.

“பின்னாடி இருக்கிறதெல்லாம் எப்படியும் போயிடும் மாமா” என்றபடி, பின்னணியை நீக்கித்தரும் தளங்களைத் தேடி, முதலாவதாக வந்த இலவசத் தளத்தைத் திறந்தான்.

போகும், உண்மைதான். ஆனால் போவது அவனுக்குத் திரும்பி வரும் படத்திலிருந்து மட்டும். தளத்துக்குப் போய்ச் சேர்வது காலண்டர், சான்றிதழ், குழந்தை எல்லாம் அடங்கிய முழுப்படம். எதை மறைக்க நினைக்கிறோமோ அதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் மறைக்கிறோம்.

இந்த வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். படத்தில் எந்தப் புள்ளி ஆள், எந்தப் புள்ளி பின்னணி என்று கணிப்பதற்கு ‘நரம்பியல் வலை’ வகையைச் சேர்ந்த ஒரு மாதிரி, அதாவது ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல், இருக்கிறது. யு-ஸ்கொயர்-நெட் என்பது 2020இல் வெளியான, பலரும் பயன்படுத்தும் திறமூல மாதிரி. அது கணிப்பதற்கு முன் படத்தை 320க்கு 320 புள்ளிகளாகச் சுருக்கிக்கொள்கிறது. வெளியே வருவது ‘மாஸ்க்’ எனப்படும் ஒரு கறுப்பு-வெள்ளைப் படம்: ஆள் இருக்குமிடம் வெள்ளை, மற்றது கறுப்பு, முடியின் ஓரங்களில் சாம்பல். அந்த மாஸ்க்கைப் பெரிதாக்கி மூலப்படத்தின் மேல் வைத்து வெட்டுகிறார்கள். கணிப்பதற்குச் சின்னப் படமே போதும். ஆனால் வெட்டுவது சர்வரில் என்றால் முழு அளவுக் கோப்பும் அங்கே போயாக வேண்டும்.

கோப்பு என்று சொல்லும்போது கண்ணுக்குத் தெரியும் படம் மட்டுமல்ல. செல்பேசி கேமரா ஒவ்வொரு ஜேபெக் கோப்புக்குள்ளும் எக்ஸிஃப் என்ற குறிப்பை எழுதிவைக்கிறது. எடுத்த நேரம், செல்பேசியின் மாடல், இருப்பிட வசதி இயங்கினால் அட்சரேகை, தீர்க்கரேகை. அட்சரேகையில் ஒரு விநாடி, அதாவது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு, தரையில் ஏறக்குறைய 31 மீட்டர். எக்ஸிஃப் அதைவிட நுணுக்கமாகவே எழுதும் என்பதால், வீட்டில் எடுத்த படம் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். சில செல்பேசிகள் பிரவுசருக்குக் கொடுக்கும்போது இருப்பிடத்தை நீக்கிவிடுகின்றன, சில நீக்குவதில்லை. கணினியில் மாற்றிவைத்த படத்தில் அது அப்படியே இருக்கும்.

சரி, போய்ச் சேர்ந்த படத்தை அவர்கள் என்ன செய்வார்கள்? முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டு, படம் வழியில் களவு போகாது என்று மட்டுமே சொல்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எவர் என்ற புகைப்படச் செயலியின் கதை இங்கே பொருத்தமானது. அதை நடத்திய எவர்ஆல்பம் நிறுவனம், பயனர்கள் சேமித்த படங்களிலிருந்து முகங்களை எடுத்து, முகமறியும் மென்பொருளைப் பழக்கப் பயன்படுத்தியது. கணக்கை மூடினால் படங்களை அழித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு அழிக்காமலும் வைத்திருந்தது. 2021 ஜனவரியில் அமெரிக்க கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதற்கு ஒரு தீர்வை அறிவித்தது. படங்களை மட்டுமல்ல, அவற்றை வைத்துப் பழக்கிய மாதிரிகளையும் நிரல்முறைகளையும் அழிக்க வேண்டும் என்றது. அது பின்னணி நீக்கும் தளம் அல்ல. ஆனால் கையில் முகங்கள் நிறையச் சேர்ந்த நிறுவனத்துக்கு அவை எதற்குப் பயன்படும் என்பதை அது காட்டிவிட்டது.

ஆகவே நான் முதலில் பார்ப்பது, படம் உண்மையிலேயே வெளியே போகிறதா என்பதைத்தான். ஏனென்றால் போகாமலே வேலையை முடிக்கும் தளங்களும் உண்டு. அவை மாதிரியையே நம் பிரவுசருக்குள் இறக்கிக்கொண்டு, நம் கணினியிலேயே வெட்டுகின்றன. “உங்கள் படம் பாதுகாப்பானது” என்ற வாசகத்தை வைத்து இரண்டு வகையையும் பிரித்தறிய முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. முதலில் பூந்தொட்டி போல ஏதாவது ஒரு படத்தைக் கொடுத்து ஒரு முறை ஓட்டுங்கள். மாதிரி பல மெகாபைட் இருக்கும் என்பதால் அது இறங்கச் சற்று நேரம் பிடிக்கலாம். அப்புறம் பக்கத்தை மூடாமல் இணையத்தைத் துண்டித்துவிட்டு இரண்டாவதாக ஒரு பூந்தொட்டியைக் கொடுங்கள். பின்னணி போனால் வெட்டுவது உங்கள் கணினி. பிழைச் செய்தி வந்தாலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தாலோ சர்வரில் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? குரோமில் F12 அழுத்தி Network பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு, இணைய இணைப்போடு படத்தைக் கொடுங்கள். வரிசையாகக் கோரிக்கைகள் வரும். அவற்றில் POST அல்லது PUT வகைக் கோரிக்கை ஒன்றில், அனுப்பிய தரவின் அளவைச் சொல்லும் content-length உங்கள் கோப்பின் அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் படம் கிளம்பிவிட்டது. அக்கா மகன் திறந்த தளத்தில் பூந்தொட்டிப் படத்தைக் கொடுத்துப் பார்த்தோம். கோப்பு 3.8 மெகாபைட், போனதும் ஏறக்குறைய அதே அளவு. வெட்டிய படத்தின் இணைப்பை நகலெடுத்து வேறொரு செல்பேசியில் மறைநிலைச் சாளரத்தில் திறந்தோம், திறந்தது. மறுநாளும் திறந்தது. அதே தளம் படங்களை ஒரு மணி நேரத்தில் அழிப்பதாகக் கீழே எழுதியிருந்ததை அவனே கண்டுபிடித்துக் காட்டினான்.

தனியுரிமைக் கொள்கையை முழுக்கப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது, எனக்கும்தான். Ctrl+F போட்டு train, improve, retain, license என்ற நான்கு சொற்களைத் தேடுவேன். ‘சேவையை மேம்படுத்த’ என்ற வாசகத்துக்குள் மாதிரியைப் பழக்குவதையும் அடக்கிவிட முடியும். படத்தை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்ற எண்ணே இல்லாத கொள்கையை நான் கொள்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

பலருக்கும் தெரியாத இன்னொரு ஓட்டை, திரும்பி வரும் பிஎன்ஜி கோப்பில் இருக்கிறது. பிஎன்ஜியில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் தவிர ஆல்ஃபா என்ற நான்காவது எண்ணும் உண்டு. அது சுழியானால் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சில கருவிகள் ஆல்ஃபாவை மட்டும் சுழியாக்கிவிட்டு மற்ற மூன்றையும் தொடாமல் விடுகின்றன. அதாவது, அழிந்ததாக நாம் நினைக்கும் காலண்டர் அங்கேயே இருக்கிறது. கோப்பு கையில் கிடைத்த யாரும் அதைத் திரும்ப எடுக்கலாம். இமேஜ்மேஜிக் என்ற இலவசக் கருவி இருந்தால், திரும்பி வந்த கோப்புக்கு out.png என்று பெயர் வைத்து ஒரே வரியில் பார்த்துவிடலாம்:

```
magick out.png -alpha off test.png
```

test.png-இல் பின்னணி சீராக ஒரே நிறமாக இருந்தால் நல்லது. கூடம் தெரிந்தால், அந்த பிஎன்ஜியை யாருக்கும் அனுப்பாமல், வெள்ளையின் மேல் ஒட்டி ஜேபெக்காகச் சேமித்து அனுப்புங்கள். ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது, ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது.

அக்கா மகன் கடைசியில் எந்தத் தளத்துக்கும் போகவில்லை. அவன் அம்மாவின் ஐபோனில், புகைப்படத்தில் ஆளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஆள் மட்டும் தனியாகக் கிளம்பி வருவார். ஐஓஎஸ் 16இலிருந்து இருக்கும் வசதி அது, வேலை செல்பேசிக்குள்ளேயே முடிந்துவிடும். காதோரம் முடி கொஞ்சம் மொட்டையாக வெட்டுப்பட்டது. விண்ணப்பத்துக்கு அது போதும் என்றான்.