நகையில் இருக்கும் ஆறு எழுத்து: ஹால்மார்க்கை எப்படிச் சரிபார்ப்பது?

நகைக்கடையில் சங்கிலியைக் கழுத்தில் வைத்துப் பார்ப்போம். கண்ணாடி முன்னால் இரண்டு தரம் திரும்பிப் பார்ப்போம். சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுவோம். கொக்கிக்குப் பக்கத்தில் அரை அரிசி அளவுக்கு இருக்கும் அந்தத் தகட்டை மட்டும் பார்க்க மாட்டோம். நாம் கொடுக்கும் பணத்துக்கு ஒரே சாட்சி அதுதான்.

என் சித்தி ஒருவர், தெரிந்தவர் மூலமாக இரண்டு பவுன் சங்கிலி ஒன்றை வாங்கினார். பில் போட்டால் வரி வரும் என்று சொல்லி வெள்ளைத்தாளில் எடையும் தொகையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "ஹால்மார்க் இருக்குடா, நானே பார்த்தேன்" என்றார் சித்தி. இருந்தது உண்மைதான். லென்ஸ் வைத்து அந்த ஆறு எழுத்தைப் படித்து போன் செயலியில் போட்டேன். 22 காரட், சரி. நகையின் வகை என்ற இடத்தில் மோதிரம் என்று வந்தது. கையில் இருப்பதோ சங்கிலி.

எங்கோ இருக்கும் ஒரு மோதிரத்தின் எண்ணை இந்தச் சங்கிலியில் பொறித்திருந்தார்கள். முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அது இந்த நகையின் முத்திரைதானா என்று பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில், அந்தத் தகட்டில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். இந்தியாவில் தங்க நகைக்கு முத்திரை கொடுக்கும் அமைப்பு பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனம். 2000-ல் விருப்பமுள்ள கடைகளுக்கு என்று தொடங்கிய இந்த ஏற்பாட்டை 2021 ஜூனில் கட்டாயமாக்கினார்கள். 2021 ஜூலையில் ஒவ்வொரு நகைக்கும் தனி எண் வந்தது. இப்போது புது நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும். ஒன்று, முக்கோண வடிவ பி.ஐ.எஸ். சின்னம். இரண்டாவது தூய்மை: 22K916 என்றால் 22 காரட், ஆயிரம் பங்கில் 916 பங்கு சொக்கத் தங்கம். வைர நகைகளில் பெரும்பாலும் 18K750 என்று இருக்கும். மூன்றாவது, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி. இதற்குப் பெயர் HUID. நகைக்கு ஆதார் எண் மாதிரி. ஒரு நகைக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

பழைய நகையில் நான்கு குறிகள் இருந்தால் பயப்பட வேண்டாம். சின்னம், தூய்மை, சோதித்த மையத்தின் குறி, கடையின் குறி என்று முன்பு நான்கு போட்டார்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் அந்த நகை இன்றும் செல்லும். ஆனால் 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு கடைக்காரர் அந்தப் பழைய முத்திரையோடு நகை விற்கக் கூடாது. அப்புறம், கே.டி.எம். பல வீடுகளில் இன்னும் அதைத் தர முத்திரை என்றே நினைக்கிறார்கள். அது காட்மியம் கலந்த பற்றவைப்பைக் குறித்த வார்த்தை. தூய்மைக்கு யாரும் அதில் பொறுப்பேற்கவில்லை.

முத்திரையைக் கடைக்காரர் தன் கையால் போட முடியாது. பி.ஐ.எஸ்.-ல் பதிவு செய்த கடை, தன் நகைகளை அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்கு அனுப்பும். அங்கே முதலில் எக்ஸ்ரே கருவியில் வைப்பார்கள். பிறகு அந்தத் தொகுதியில் சிலவற்றை எடுத்து அவற்றிலிருந்து துளித் தங்கம் சுரண்டுவார்கள். எடை போட்ட அந்தத் துளியை வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி, உறிஞ்சும் தன்மையுள்ள சிறு கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரிக்கும் மேலே உருக்குவார்கள். ஈயமும் செம்பும் கிண்ணத்துக்குள் போய்விடும். மிஞ்சும் மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க விட்டால் வெள்ளியும் கரைந்துவிடும். கடைசியில் நிற்பது தங்கம் மட்டும். அதை எடை போட்டு முதல் எடையோடு ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். 916 என்றால் 916-க்குக் குறையக் கூடாது, 914-ம் தோல்விதான். தேறிய நகைகளில் லேசர் கொண்டு குறிகளைப் பொறிப்பார்கள்.

எக்ஸ்ரே கருவி நகையின் மேற்பரப்பைத்தான் படிக்கும். கனமான முலாமுக்கு உள்ளே செம்பு இருந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். கடையிலேயே மெஷினில் வைத்து "91.7 வந்திருக்கு பாருங்க" என்று காட்டினால் மகிழ்ந்துகொள்ளுங்கள், அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி கடையில் செய்ய வேண்டியது. லென்ஸ் கேளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வாடிக்கையாளருக்காக வைத்திருக்க வேண்டியது கடையின் கடமை, கேட்கக் கூச்சம் வேண்டாம். சங்கிலியில் கொக்கியை ஒட்டிய தகட்டிலும், வளையலிலும் மோதிரத்திலும் உட்புறத்திலும் முத்திரை இருக்கும். ஆறு எழுத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 0-வும் O-வும், 8-ம் B-யும், 5-ம் S-ம் குழப்பும். விவரம் வரவில்லை என்றால் போலி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இவற்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பி.ஐ.எஸ்.-ன் செயலி பெயர் BIS CARE. போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் Verify HUID என்ற இடத்தில் அந்த ஆறையும் அடித்தால் கடையின் பதிவு விவரம், சோதித்த மையம், முத்திரையிட்ட தேதி, நகையின் வகை, தூய்மை எல்லாம் வரும். பலர் 22K916 என்று வந்ததும் போனை மூடிவிடுகிறார்கள். தூய்மையைப் பொய்யாகப் பொறிப்பவன் அதை எப்படியும் பொருத்தமாகத்தான் பொறித்திருப்பான். அவனால் மாற்ற முடியாதது வகையும் தேதியும். வளையலுக்கு வளையல் என்று வருகிறதா? "நேற்றுத்தான் சரக்கு வந்தது" என்று சொல்லும் நகைக்கு மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி இருக்கிறதா? கடையின் விவரம் வேறாக இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம், மொத்த வியாபாரி முத்திரை வாங்கி இந்தக் கடைக்கு விற்றிருக்கலாம். ஆனால் கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் அந்த நகையை வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

ஒரே வகை நகைக்கு, ஒரே மாதிரி நகையின் எண்ணைத் திருடிப் பொறித்தால் செயலி கண்டுபிடிக்காது. அங்கே உங்களைக் காப்பது பில்தான். ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை பில்லில் இருக்க வேண்டும். ஆறு இலக்க எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கல் வைத்த நகையில் நிகர எடை என்ற வார்த்தைக்குப் பெரிய விலை இருக்கிறது: கல்லின் எடையைக் கழித்த பிறகு வருவதற்குத்தான் தங்க விலை. அதேபோல 18K750 நகைக்கு 22 காரட் விலையில் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். முத்திரை தூய்மைக்கு மட்டும்தான் உத்தரவாதம். எடை, சேதாரம், செய்கூலி எதற்கும் அது பொறுப்பில்லை.

ஹால்மார்க் கட்டணம் பவுன் கணக்கில் வராது. 2022 மார்ச்சில் அதை ஒரு தங்க நகைக்கு 45 ரூபாய் என்று ஆக்கினார்கள், வரி தனி. ஒரு பவுன் மோதிரத்துக்கும் பத்து பவுன் ஆரத்துக்கும் அதே தொகைதான். "ஹால்மார்க் போட்ட நகை, அதனால்தான் சேதாரம் கூட" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

முத்திரை இல்லாத எல்லாமே திருட்டு வேலையும் அல்ல. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. தாலிச் சரட்டில் கோக்கும் குண்டு, மணி, சின்ன மூக்குத்தி இவற்றுக்கு முத்திரை வராது என்று கடைக்காரர் சொன்னால் அது சரியே. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு கடைகளுக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் வேலைப்பாடுகளுக்கும் விலக்கு இருக்கிறது. மாவட்டம் மாவட்டமாகத்தான் கட்டாயத்தை விரிவாக்கி வருவதால் இன்னும் சேராத மாவட்டங்களும் உண்டு.

சந்தேகம் தீரவில்லை என்றால் நகையை நீங்களே ஹால்மார்க் மையத்துக்கு எடுத்துப் போகலாம். பொதுமக்கள் கொண்டுவரும் நகையையும் சோதித்து அறிக்கை தருவார்கள். 2022-ல் அறிவித்த கட்டணப்படி நான்கு நகை வரை மொத்தம் 200 ரூபாய், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஒவ்வொரு நகைக்கும் 45 ரூபாய். மையங்களின் பட்டியல் பி.ஐ.எஸ். இணையதளத்தில் இருக்கிறது. முத்திரையே இல்லாத பாட்டி காலத்து நகையை மாற்றப் போகிறீர்கள் என்றாலும் இந்த அறிக்கை கையில் இருப்பது நல்லது. "உரசிப் பார்த்தேன், 20 காரட்தான் இருக்கும்" என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல முடியும்.

முறையான முத்திரையும் பில்லும் உள்ள நகை தூய்மையில் குறைந்தால் என்ன கிடைக்கும்? 2018-ம் வருஷத்து பி.ஐ.எஸ். விதிகளின்படி, குறைந்த தூய்மைக்கான மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கிடைக்கும். இரண்டு பவுன் சங்கிலி, 16 கிராம், 22K916 என்று வைத்துக்கொள்வோம். சோதனையில் 880 வந்தது. ஆயிரத்துக்கு 36 குறைவு, அதாவது 16 கிராமில் 0.576 கிராம் சொக்கத் தங்கம் இல்லை. கணக்குக்காக சொக்கத் தங்கம் கிராம் 12,000 ரூபாய் என்றால் குறைவின் மதிப்பு 6,912 ரூபாய். இரண்டு மடங்கு 13,824 ரூபாய், கூடவே சோதனைக்குச் செலவழித்த தொகை. அதே செயலியில் உள்ள புகார் பகுதி வழியாகவே கேட்கலாம். கடை இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். போலி முத்திரை என்றால் அது குற்ற வழக்கு: 2016-ம் வருஷத்து பி.ஐ.எஸ். சட்டத்தில் ஒரு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு.

சித்தியின் சங்கிலிக்கு இந்த இழப்பீட்டுக் கணக்கு எதுவும் பொருந்தவில்லை. அந்த ஆறு எழுத்து யாருடையதோ. எண்ணுக்குச் சொந்தமான கடை இந்தச் சங்கிலியை விற்கவே இல்லை. விற்றவரின் பெயர்கூட அந்த வெள்ளைத்தாளில் இல்லை.