ரூபாய் கைமாறாத ரூபாய் ஒப்பந்தம்

“ரூபாயை இந்தியாவுக்கு வெளியே தாராளமாக வாங்கி விற்க முடியாது என்கிறீர்கள். அப்படியானால் சிங்கப்பூரிலும் லண்டனிலும் ரூபாய்க்கு முன்பேரம் நடப்பது எப்படி?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அங்கே ரூபாய் யார் கைக்கும் போவதில்லை. முன்பே பேசிய விலைக்கும் குறித்த நாளின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கிட்டு, அதை டாலரில் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள். என்டிஎஃப் எனப்படும் ஒப்படைப்பில்லா முன்பேர ஒப்பந்தம் இதுதான். அந்த வித்தியாசத்தைக் கணக்கிடும் முறையில்தான் இதன் அழகு இருக்கிறது.

ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு மூன்று மாதம் கழித்து இந்தியாவிலிருந்து 8.4 கோடி ரூபாய் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ரூபாய் சரிந்தால் கைக்கு வரும் டாலர் குறைந்துவிடும். ஆகவே அந்த நிறுவனம் ஒரு வங்கியுடன், டாலருக்கு 84 ரூபாய் என்ற விலையில், 10 லட்சம் டாலருக்கு என்டிஎஃப் ஒப்பந்தம் போடுகிறது. ஒப்பந்தத்தில் டாலர் வாங்குபவர் நிறுவனம், விற்பவர் வங்கி.

மூன்று மாதம் கழித்துக் குறியீட்டு விலை, அதாவது அன்றைய சந்தை விலை என்று இரு தரப்பும் ஏற்கும் விலை, 87.50 என்று வருகிறது. ஒரு டாலருக்கு மூன்றரை ரூபாய் வீதம் நிறுவனத்துக்கு 35 லட்சம் ரூபாய் லாபம். ஆனால் கணக்கைத் தீர்ப்பது டாலரில் என்பதால் அதை 87.50-ஆல் வகுக்கிறார்கள், 40,000 டாலர் வருகிறது. இதற்கிடையே 8.4 கோடி ரூபாயை அதே விலையில் மாற்றினால் 9,60,000 டாலர். இரண்டையும் கூட்டினால் சரியாக 10 லட்சம்.

ரூபாய் வலுத்து 80.50 ஆகியிருந்தால்? ரூபாயை மாற்றினால் 10,43,478 டாலர் கிடைக்கும். வங்கிக்குக் கொடுக்க வேண்டியது 35 லட்சம் ÷ 80.50, அதாவது 43,478 டாலர். மிச்சம் மறுபடியும் 10 லட்சம்தான்.

லாபம் 40,000, நஷ்டம் 43,478 என்று பார்த்துவிட்டு, இந்த ஒப்பந்தம் ஒரு பக்கம் சாய்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. சாய்வே இல்லை. வகுப்பதை ஒப்பந்த விலையான 84-ஆல் செய்திருந்தால் இரண்டு பக்கமும் 41,667 என்று சமமாகத் தெரியும். ஆனால் அப்போது நிறுவனத்தின் கையில் முதல் நிலையில் 10,01,667 டாலரும் இரண்டாவதில் 10,01,812 டாலரும் நிற்கும். விலை எந்தப் பக்கம் போனாலும் வங்கிக்கு நஷ்டம். அன்றைய விலையால் வகுப்பதுதான் கணக்கைச் சமன் செய்கிறது.

எல்லாமே அந்தக் குறியீட்டு விலையைப் பொறுத்திருப்பதால், அதை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பது முக்கியம். ரூபாய்க்கு 2018 ஜூலையிலிருந்து நிதிச் சந்தைக் குறியீடுகளைக் கணக்கிடும் எஃப்பிஐஎல் என்ற இந்திய நிறுவனம் அதை வெளியிடுகிறது. காலை 11:30 முதல் 12:30 வரையிலான ஒரு மணி நேரத்தில் ஏதோ ஒரு 15 நிமிடத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அந்த நேரத்தில் உண்மையாக நடந்த வர்த்தகங்களின் சராசரியை எடுக்கிறார்கள். அதிக அளவில் நடந்த வர்த்தகத்துக்கு அதிக எடை. எந்த 15 நிமிடம் என்று முன்கூட்டித் தெரியாததால் கடைசி நேரத்தில் விலையைத் தள்ளிப் பார்ப்பது கடினம். வங்கிகள் வாய்மொழியாகச் சொல்லும் விலையை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. குறியீட்டு விலைகளில் தலையிட முயன்றதற்காக 2013-இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் 20 வங்கிகள் மீது நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கட்டும்.

நடைமுறையில் 10 லட்சம் டாலர் அப்படியே கைக்கு வராமல் போவதும் உண்டு. குறியீட்டு விலை ஒரு சராசரி. இந்திய வங்கி அதே விலையில் மாற்றித்தரும் என்று உத்தரவாதம் இல்லை. வங்கி 87.80-க்கு மாற்றினால் ரூபாய்க்கு ஏறத்தாழ 9,56,720 டாலர்தான் வரும். என்டிஎஃப் தருவதோ அதே 40,000. ஆகச் சுமார் 3,280 டாலர் குறையும். ரூபாயை வேறொரு நாளில் மாற்றினால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகலாம்.

தேதியும் சிக்கல் தரும். விலை குறிக்கும் நாள் வேறு, பணம் கைமாறும் நாள் வேறு. இரண்டுக்கும் நடுவே வழக்கமாக இரண்டு வேலை நாள். குறிக்க வேண்டிய நாளில் மும்பைச் சந்தைக்கு விடுமுறை என்று முன்பே தெரிந்திருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளின் விலையை எடுப்பது வழக்கம். விடுமுறையைத் திடீரென்று அறிவித்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளுவார்கள். 2024 ஜனவரி 22 திங்கட்கிழமை அந்நியச் செலாவணிச் சந்தைக்கு விடுமுறை என்ற அறிவிப்பு 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் வந்தது. அந்தத் திங்களில் விலை குறிக்க வேண்டிய ஒப்பந்தம் செவ்வாய்க்கிழமை விலைக்குத்தான் போகும். ரூபாயை வெள்ளியன்றே மாற்றி முடித்த நிறுவனம், இடைப்பட்ட நாட்களின் விலை மாற்றத்தைப் பாதுகாப்பில்லாமல் சந்திக்க நேரும்.